குட்டியின் மலப் பரிசோதனை: ஜியார்டியாவும் கொக்கிப்புழுவும்

"8 வார நாய்க்குட்டிக்குப் பத்து நாளாகக் கழிச்சல். மலப் பரிசோதனையில் ஒன்றுமே இல்லை என்று வந்துவிட்டது. அப்படியும் டாக்டர் இன்னும் மூன்று சாம்பிள் கேட்கிறார். உண்மையிலேயே தேவையா, இல்லை செலவு வைக்கிறாரா?"

தேவைதான். நானும் இதே சந்தேகத்தோடு நின்றவன், அதனால் எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன்.

எங்கள் குட்டி ஆறு வாரத்தில் வந்தாள். நான்கு நாள் முன்புதான் பைரன்டெல் புழு மருந்து கொடுத்தோம் என்று கொடுத்தவர்கள் சொன்னார்கள். வந்த மறுநாளே சளி கலந்து, எண்ணெய் மினுக்கத்தோடு மலம் போனாள். லேபில் ஒரு சாம்பிள் கொடுத்தோம். "முட்டை எதுவும் இல்லை" என்று வந்தது. இரண்டு நாள் கெட்டியாகப் போனாள், அப்புறம் மறுபடி தண்ணீராக.

அந்த "இல்லை" எவ்வளவு சின்னது என்று அப்போது எனக்குத் தெரியாது. லேபில் பார்ப்பவர் குட்டியின் குடலைப் பார்ப்பதில்லை. அன்றைக்கு வந்த மலத்தில் ஒரு சிட்டிகையைக் கரைசலில் கலக்கி, மேலே மிதந்து வருவதைத்தான் பார்க்கிறார். ஜியார்டியா என்பது ஒரே செல் கொண்ட ஒட்டுண்ணி, குடல் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். வெளியே வருவது அதன் உறை போட்ட வடிவமான சிஸ்ட். இந்த சிஸ்ட் தினமும் ஒரே அளவில் வருவதில்லை. இன்று ஏராளமாக வரும், நாளை ஒன்றுகூட இருக்காது. போதாக்குறைக்கு, கொக்கிப்புழு முட்டை நன்றாக மிதக்கும் சர்க்கரைக் கரைசலில் சிஸ்ட் சுருங்கி உருக்குலைந்துவிடும். அதைப் பிடிக்க ஜிங்க் சல்பேட் கரைசலும் சென்ட்ரிஃபியூஜும் வேண்டும். ஆகவேதான் ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று சாம்பிள். எங்களுக்கு முதல் இரண்டும் வெறுமை, மூன்றாவதில் சிக்கியது. டாக்டர் அயோடின் சொட்டு விட்டு மைக்ரோஸ்கோப்பில் காட்டினார்: பழுப்பு நிறத்தில் நீள்வட்டப் பொட்டு. ஈஸ்ட் என்று நினைத்துத் தாண்டிப்போக எவ்வளவு சுலபம் என்று பார்த்ததும் புரிந்தது.

ஜியார்டியாவுக்கு மெட்ரோனிடசோல் மருந்து கொடுத்தார், மலம் கெட்டியானது. கதை முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் எட்டு வாரம் ஆகும்போது குட்டி சோர்ந்து படுத்தாள், மலம் கருப்பாகப் போனது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ரோஜா நிறத்தில் இருக்க வேண்டிய ஈறு வெளுத்திருந்தது. அன்று எடுத்த சாம்பிளில் கொக்கிப்புழு முட்டை நிறைய.

மூன்று தடவை பார்த்தும் தெரியாதது இப்போது எங்கிருந்து வந்தது? பைரன்டெல் குடலில் இருக்கும் புழுவைத்தான் கொல்லும். உடம்புக்குள் பயணத்தில் இருக்கும் லார்வாவை அது தொடாது. அந்த லார்வாக்கள் பிறகு குடலுக்கு வந்து, வளர்ந்து, முட்டையிட இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். எங்கள் முதல் சாம்பிள்கள் எல்லாம் அந்த இடைவெளியில் விழுந்தவை. முட்டையே இல்லாதபோது எந்தக் கரைசல் என்ன செய்யும்? மெட்ரோனிடசோலும் புழுவைக் கொல்லாது.

மறு சாம்பிள் என்பது ஒரே விஷயமில்லை என்பதை இதில்தான் கற்றுக்கொண்டேன். ஜியார்டியாவுக்கு நாள் இடைவெளி போதும், ஏனென்றால் அது இருக்கிறது, விட்டு விட்டுத்தான் வெளியே வருகிறது. கொக்கிப்புழுவுக்கு வார இடைவெளி வேண்டும், ஏனென்றால் அது இன்னும் முட்டையிடவே ஆரம்பிக்காமல் இருக்கலாம். இந்த வாரம் பத்து சாம்பிள் கொடுத்தாலும் இரண்டு வாரம் கழித்துக் கொடுக்கும் ஒன்றுக்கு ஈடாகாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கொக்கிப்புழு முட்டையிடும் முன்பே ரத்தம் குடிக்க ஆரம்பித்துவிடும். தாய்ப்பால் வழியாகத் தொற்றிய குட்டி, மலத்தில் ஒரு முட்டைகூடத் தெரிவதற்கு முன்பே ரத்தசோகையில் விழலாம். ஈறு வெளுத்திருந்தால் நெகட்டிவ் ரிப்போர்ட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருக்காதீர்கள், அன்றே தூக்கிக்கொண்டு போங்கள். குட்டிகளுக்கு இரண்டாம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புழு மருந்து கொடுக்கச் சொல்வதும் இதனால்தான். பரிசோதனை முடிவுக்காக அதை நிறுத்தி வைப்பதில்லை.

சாம்பிள் எடுக்கும்போது மண்ணில் பட்ட அடிப்பகுதியை விட்டு மேலிருந்து எடுங்கள். இல்லாவிட்டால் மண்ணில் வாழும் புழுவும் சேர்ந்து வந்து குழப்பும். உடனே கொடுக்க முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வையுங்கள், ஃபிரீசரில் வேண்டாம். வெளியே சூட்டில் கிடந்தால் கொக்கிப்புழு முட்டை ஓரிரு நாளில் பொரிந்துவிடும்.

ஜியார்டியாவின் புரதத்தைத் தேடும் ஆன்டிஜென் கிட்டும் இருக்கிறது, சிஸ்ட் தெரியாத நாளிலும் கண்டுபிடிக்க உதவும். ஆனால் சிகிச்சை முடிந்தும் சில வாரம் அது பாசிட்டிவ் காட்டலாம். எங்களுக்கு அப்படித்தான் காட்டியது. மலம் நன்றாக இருந்ததால் டாக்டர் மருந்தை நீட்டவில்லை. கொக்கிப்புழுவுக்குக் கொடுத்த மருந்து வேலை செய்ததா என்று பார்க்க மட்டும் இரண்டு வாரம் கழித்து ஒரு சாம்பிள் கேட்டார், இந்தத் தடவை நான் காரணம் கேட்கவில்லை.