நடை பழக்கும் வகுப்பு

கேள்வி: எங்கள் பூனை மூன்று குட்டி போட்டு இன்றைக்கு 12 நாள். இரண்டு கண் திறந்துவிட்டன. மூன்றாவது இன்னும் மூடிக்கொண்டே கிடக்கிறது. மெதுவாக நானே திறந்துவிடலாமா? எத்தனையாவது கிழமையில் நடை பழக்கத் தொடங்கலாம்?
– ஒரு வாசகி, கொக்குவில்

பதில்: முதல் பாதிக்குச் சுருக்கமான பதில்: தொடாதீர்கள். இரண்டாம் பாதியில் ‘நடை பழக்க’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான் இன்றைக்கு இந்தப் பக்கத்தை ஒதுக்கியிருக்கிறேன்.

கண்ணை முடித்துவிட்டு அங்கே போவோம். பூனைக்குட்டிக்கு 7 நாளிலிருந்து 14 நாளுக்குள் கண் திறப்பது வழக்கம். ஒரே வயிற்றில் வந்த குட்டிகளுக்குள்ளேயே இரண்டு மூன்று நாள் முன்பின் இருக்கும். ஒரே குட்டிக்கு ஒரு கண் முதலிலும் மற்றது அடுத்த நாளும் திறப்பதும் உண்டு. அது கதவு திறப்பதுபோல் ஒரேயடியாக நடப்பதில்லை. மூக்குப் பக்கத்து மூலையில் முதலில் ஒரு கீற்று தெரியும், அது நாளுக்கு நாள் வெளிப்பக்கமாக நீளும். உங்கள் மூன்றாவது குட்டியை வெளிச்சத்தில் பிடித்து அந்த மூலையைப் பாருங்கள். அநேகமாகக் கீற்று விழுந்திருக்கும். அவசரப்பட்டு இமையைப் பிரித்தால், ஈரம் காக்கக் கண்ணீரும் சரியாகச் சுரக்காத, இன்னும் வளர்ந்து முடியாத ஒரு கண் வெளியே வந்து காயும். அந்தக் குட்டிக்குப் பிறகு நீங்கள் வாழ்நாள் முழுக்க வழிகாட்ட வேண்டிவரும்.

ஒரு விஷயத்தில் மட்டும் பொறுமை கூடாது. மூடிய இமை உள்ளேயிருந்து தள்ளினாற்போல வீங்கியிருந்தால், அல்லது மூலையில் மஞ்சள் பீளை கசிந்தால், உள்ளே சீழ் கட்டியிருக்கிறது. வெளியே வர வழியில்லாத சீழ் கண்ணின் கருவிழியைத் தின்றுவிடும். கொதித்து ஆறிய இளஞ்சூட்டுத் தண்ணீரில் பஞ்சை நனைத்து, காய்ந்ததை மெல்ல ஊறவைத்துத் துடைக்கலாம். அதற்கு மேல் மிருக வைத்தியரின் வேலை, அதுவும் அன்றைக்கே. தாய்ப்பால் விடுவது, தேயிலைச் சாயம் விடுவது எல்லாம் வேண்டாம். வீக்கமும் இல்லை, பீளையும் இல்லை, ஆனாலும் 16 நாளாகியும் திறக்கவில்லை என்றாலும் காட்டிவிடுங்கள்.

சரி, இப்போது நடை.

யாழ்ப்பாணத்தில் ஒரு உயிர் பிறந்து 12 நாளாகிவிட்டால் நமக்குக் கை சும்மா இருக்காது. எதையாவது பழக்க வேண்டும். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்கு மூன்றாம் ஆண்டிலேயே ரியூசன், அந்த ரியூசனுக்கு ஆயத்தமாக இன்னொரு ரியூசன். இந்தப் பக்கத்தில் நான் இதை எழுதி எழுதிச் சில ரியூசன் ஆசிரியர்களின் பகையைச் சம்பாதித்திருக்கிறேன். ஒருவர் சந்தா நிறுத்தினார். பிறகு பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி வாசிப்பதாகக் கேள்வி. அவரும் இதை வாசிப்பார் என்ற நம்பிக்கையில் சொல்கிறேன்: பூனைக்குட்டியை வைத்து இந்த விஷயத்தை எப்போதோ சோதித்துப் பார்த்துவிட்டார்கள்.

1963இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஹெல்ட், அலன் ஹைன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சிறிய இராட்டினம் செய்தார்கள். நடுவில் ஒரு கம்பம், அதில் சுழலும் ஒரு தடி. தடியின் ஒரு முனையில் ஒரு குட்டியைப் பட்டியால் கட்டினார்கள். அது தன் காலால் நடக்கும். மறு முனையில் ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் இன்னொரு குட்டி. முதல் குட்டி நடந்தால் பெட்டியும் அதே அளவு சுற்றும். சுற்றிவர இருந்த சுவரில் கோடுகள். அதாவது இரண்டு குட்டியும் பார்த்த காட்சி ஒன்றேதான். வித்தியாசம், ஒன்று நடந்து பார்த்தது, மற்றது முன் வாங்கில் உட்கார்ந்து பார்த்தது. நாளுக்கு 3 மணித்தியாலம் இந்த வகுப்பு, மற்ற நேரமெல்லாம் இருட்டு.

அப்புறம் பரீட்சை வைத்தார்கள். குட்டியைத் தூக்கி மேசை விளிம்பை நோக்கி மெல்லக் கொண்டுபோனால், நடந்த குட்டி மேசையைக் கண்டு முன்னங்காலை நீட்டியது. பெட்டியில் இருந்தது நீட்டவில்லை. முகத்துக்கு நேரே ஏதாவது வந்தால் நடந்தது கண்ணைச் சிமிட்டியது, மற்றது சிமிட்டவில்லை. கண்ணாடித் தளத்தின் ஒரு பக்கம் ஆழமில்லாமலும் மறுபக்கம் ஆழமாகவும் தெரியும்படி அமைத்து இறக்கிவிட்டபோது, நடந்தது ஒவ்வொரு முறையும் ஆழமில்லாத பக்கத்துக்கே போனது. பெட்டிக் குட்டிக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். கண்ணில் ஒரு குறையும் இல்லை. எல்லாப் பாடமும் பார்த்திருக்கிறது. பார்த்ததைக் காலோடு சேர்க்கத்தான் தெரியவில்லை. நல்லகாலம், வெளிச்சத்தில் தன்பாட்டில் உலவ விட்டதும் அதற்கும் சீக்கிரமே எல்லாம் வந்துவிட்டது. கொப்பி முழுக்க நோட்ஸ் இருந்தும் வெறுந்தாளைக் கொடுத்துவிட்டு வரும் நம் பிள்ளைகளைப் பற்றி இதில் நான் எதுவும் சொல்லவில்லை. சந்தா நிறுத்தியவரே சொல்லிக்கொள்ளட்டும்.

ஆகவே, வாசகியே, குட்டியின் கக்கத்தில் கையைக் கொடுத்து நிறுத்தி நடத்தாதீர்கள். அது நீங்கள் கட்டும் பெட்டி. நீங்கள் செய்ய வேண்டியது தரையைக் கவனிப்பதுதான். இங்கே எனக்கு இன்னொரு பழைய கோபம் இருக்கிறது. காலில் ஒட்டிக் குளிர்ந்து கிடந்த நல்ல சீமெந்துத் தரையை உடைத்துவிட்டு, வெளிநாட்டுக் காசில் முகம் தெரிகிற ரைல்ஸ் பதிப்பது. மழைக்காலத்தில் அதில் வழுக்கி இடுப்பொடிந்த பெரியவர்கள் இல்லாத ஒழுங்கை இருக்கிறதா? குட்டிக்கும் அதுதான் கதை. மூன்றாம் கிழமையில் அது எழும்பும்போது முன்னங்காலுக்கு முதலில் பலம் வரும், பின்னங்கால் பிறகுதான் வரும். வழுக்கும் தரையில் பின்னங்கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்துகொண்டே போகும், ஊன்ற முடியாது. நகம் பிடிக்கிற மாதிரி ஒரு பழைய சாக்கையோ தடித்த துவாயையோ விரித்துவிடுங்கள். அவ்வளவுதான் உங்கள் பயிற்சி.

அதன்பிறகு நீங்கள் பார்க்கப்போவது இதுதான். வயிற்றால் நகர்ந்தது ஒருநாள் வயிற்றைத் தூக்கும், நாலு எட்டு வைக்கும், பக்கவாட்டில் சரியும். நாலாம் கிழமை முடியும்போது வாலை நேரே உயர்த்திக்கொண்டு நடக்கும். ஐந்தாம் கிழமையில் ஓட்டம். உயரத்திலிருந்து தவறினால் அந்தரத்திலேயே உடம்பைத் திருப்பிக் காலில் விழும் வித்தை மூன்றாம் நாலாம் கிழமையில் அரைகுறையாகத் தொடங்கி, ஆறேழு கிழமையில்தான் சரியாக வரும். ‘பூனைதானே, விழுந்தால் ஒன்றும் ஆகாது’ என்று சின்னக் குட்டியைக் கட்டிலில் விட்டுப்போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

தள்ளாட்டம் எல்லாக் குட்டிக்கும் உண்டு, நாளுக்கு நாள் குறையவும் வேண்டும். கூடப்பிறந்தவை ஓடும்போது ஒன்று மட்டும் குடித்தவன்போல நடந்தால், அதுவும் பால்கிண்ணத்தை நெருங்க நெருங்கத் தலை கூடுதலாக ஆடினால், சிறுமூளை வளராமல் பிறந்திருக்கலாம். தாய் சினையாக இருந்தபோது ஒரு வகை வைரசு நோய் பட்டால் அப்படி வரும். அந்தக் குட்டிக்கு நோவில்லை, நாள்போக மோசமாவதும் இல்லை. ஆடி ஆடியே நன்றாக வாழும். அதைக் கிணற்றடிப் பக்கம் விடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நாலாம் கிழமையிலிருந்து சண்டை தொடங்கும். ஒன்று மல்லாந்து கிடந்து நாலு காலாலும் உதைக்கும், மற்றது மேலே ஏறிக் கழுத்தைக் கவ்வும். ஓடிப்போய்ப் பிரித்துவிடாதீர்கள். கொஞ்சம் கூடுதலாகக் கடித்தால் கீழே கிடப்பது கீச்சென்று கத்தும், விளையாட்டை விட்டு எழும்பிப் போய்விடும். கடித்ததுக்கு அப்போது விளையாட ஆளில்லை. எவ்வளவு கடித்தால் ஆட்டம் நிற்கும் என்ற கணக்கை இப்படித்தான் அது படிக்கிறது. தனிக்குட்டியாகப் போத்தல் பாலில் வளர்ந்தது பெரிதானபின் உங்கள் கையைக் கிழிப்பதற்குக் காரணம் இந்தப் பாடம் அதற்குக் கிடைக்காததுதான். நீங்களும் விரலை ஆட்டி விளையாட்டுக் காட்டாதீர்கள். ஒரு ஈர்க்கின் நுனியில் ஓலைத்துண்டைச் செருகி ஆட்டுங்கள். நூலும் வேண்டாம், விழுங்கினால் குடலைச் சுருக்கிவிடும்.

இதே காலத்தில் தாய் வாயில் எதையாவது கவ்விக்கொண்டு வரும். முதலில் செத்த எலி. பிறகு உயிரோடு ஒரு அறணை, அதைக் குட்டிகளின் முன்னே விட்டுவிட்டுத் தள்ளி இருந்து பார்க்கும். தப்பி ஓடினால் பிடித்துவந்து மறுபடி விடும். விறாந்தையில் அருவருப்பாகத்தான் இருக்கும். ஆனால் நான் ஒத்துக்கொள்ளும் ஒரே ரியூசன் அதுதான்: குட்டிதான் பிடிக்க வேண்டும்.

இதெல்லாம் எட்டுக் கிழமைக்குள் முடிந்துவிடாது, நன்றாகத் தொடங்கியிருக்கும். அதற்கு முன் யாருக்கும் கொடுக்காதீர்கள். கேட்கிறவர்கள் ‘குட்டியிலேயே கொண்டுவந்தால்தான் பழகும்’ என்று சொல்வார்கள். மனிதரோடு பழகுவதற்கு இரண்டாம் கிழமையிலிருந்து ஏழாம் கிழமை வரைதான் நல்ல காலம் என்பது உண்மை. அதை உங்கள் வீட்டிலேயே செய்யலாம். நாளும் கொஞ்ச நேரம் கையில் எடுங்கள், வீட்டுக்கு வருகிற இரண்டு பேரையும் எடுக்கச் சொல்லுங்கள்.

சாக்கில் கட்டிச் சந்தையடியிலும் கோயில் வாசலிலும் விட்டுவிட்டு வருகிற புண்ணியவான்களுக்கும் ஒரு வார்த்தை. ‘அங்கே சாப்பாடு கிடைக்கும்’ என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். இரண்டு கிழமைக் குட்டிக்குத் தாய் நக்கிவிடாமல் மூத்திரமே போகாது. உடம்புச் சூட்டைத் தானாகக் காக்கவும் தெரியாது. அதற்குப் பிரசாதத்தால் என்ன பயன்? குட்டி வேண்டாமென்றால் தாய்க்குக் கருத்தடை செய்விக்க வேண்டும். இது உங்களுக்கும்தான், வாசகியே. குட்டிகள் பால் மறந்த கையோடு வைத்தியரிடம் பேசுங்கள், அதுவரை கடுவன்களை வளவுக்குள் விடாதீர்கள். பால் கொடுக்கும் காலத்திலேயே பூனை மறுபடி சினைப்படும். மூன்றில் ஒன்றை எங்கள் அலுவலகத்துக்கு அனுப்புவதாகக் கடிதத்தின் அடியில் எழுதியிருந்தீர்கள். ஏற்கெனவே இரண்டு இருக்கின்றன. ஒன்று ஒப்புநோக்கிய தாளின் மேல் படுக்கிறது, மற்றது ஒப்புநோக்காததின் மேல்.