தலைப்பொங்கல் படத்துக்குக் கீழே என்ன எழுதுவது?

அன்புள்ள மேடம்,

எனக்குக் கார்த்திகையில் கல்யாணம் ஆச்சு. நான் தஞ்சாவூர், அவர் வீடு திருநெல்வேலி பக்கம் ஒரு கிராமம். தலைப்பொங்கலுக்கு வாசலில் அடுப்புக்கட்டி வச்சு, பனையோலை எரிச்சு, ரெண்டு பானை பொங்கினோம். அத்தை குலவை போட்டாங்க, எனக்கு வரல, சும்மா நின்னேன். அந்தப் படத்தைப் போடலாம்னு மூணு நாளா பார்க்கிறேன். "என் புதுக் குடும்பத்தோடு முதல் பொங்கல்"னு எழுதினா அம்மா மனசு கஷ்டப்படும். "அம்மா வீட்டுப் பொங்கல் ஞாபகம்"னு எழுதினா அத்தை என்ன நினைப்பாங்க? எங்க வீட்டில் மறுநாள் அண்ணனுக்காகக் கணுப்பிடி வைப்போம். இங்கே வழக்கம் இல்லை, நானும் கேட்கல. அது வேற உள்ளுக்குள்ள உறுத்துது. ஒரு வரி எழுத இவ்வளவு யோசிக்கிறது சரியா?

அன்புள்ள தங்கைக்கு,

இவ்வளவு யோசிப்பதில் தப்பே இல்லை. நீங்கள் எழுதப்போகும் அந்த ஒரு வரியை அம்மா, அத்தை, ஆபீஸ் தோழி, அவருடைய சித்தப்பா எல்லோரும் ஒரே நேரத்தில் படிப்பார்கள். நேரில் என்றால் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு மாதிரி பேசுவோம், இங்கே அதற்கு வழி இல்லாததால்தான் கை நின்றுவிடுகிறது. அதோடு, நீங்கள் யோசித்த இரண்டு வரிகளுமே 'நான் யார் பக்கம்' என்பதற்குப் பதில் சொல்கின்றன. கல்யாணமாகி இரண்டு மாதத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. எதைச் சொன்னாலும் இன்னொரு வீட்டை விட்டுக்கொடுத்த மாதிரி உங்களுக்கே தோன்றும்.

அதனால் மனதை விட்டுவிட்டு அன்று கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். பொங்கல் கட்டிக்குச் சுண்ணாம்பும் காவியும் பூசியது யார்? பனையோலை சட்டென்று பிடித்துச் சட்டென்று அணைந்துவிடும், பக்கத்திலேயே உட்கார்ந்து ஓலையைத் தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும், கண்ணெல்லாம் புகை. அந்தப் பக்குவத்தை யாரோ உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அந்த ஆளின் பெயரும் அந்த வேலையும் வரியில் இருந்தால் போதும். பாராட்டு தனியாக வேண்டாம், அத்தைக்கு அது புரியும்.

இன்னொன்று. தலைப்பொங்கலுக்கு உங்கள் வீட்டிலிருந்து சீர் வந்திருக்கும் இல்லையா? பானை, பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் குலை என்று. அப்படியானால் நீங்கள் எடுத்த படத்திலேயே அம்மாவும் இருக்கிறார். என்னிடம் வந்த ஒரு பெண்ணுக்கும் இதே தவிப்புத்தான், ஒரு மணி நேரம் பேசியபிறகு அவர் எழுதியது இது: "ஓலையை எப்படித் தள்ளணும்னு அத்தை சொல்லிக் கொடுத்தாங்க. பானை அம்மா கொண்டு வந்தது. ரெண்டும் சேர்ந்து கிழக்குப் பக்கமா பொங்கிச்சு." இரண்டு அம்மாக்களும் அதைத் தன் வரியாகவே படித்தார்கள். உங்கள் வீட்டில் நடந்தது வேறாக இருக்கும், அதை அப்படியே எழுதுங்கள். குலவை வராததைக்கூட எழுதலாம்: "அத்தை குலவை போட்டாங்க, நான் இன்னும் கத்துக்கணும்." புது மருமகள் எல்லாம் தெரிந்தவளாகக் காட்டிக்கொள்வதைவிட இது அந்த வீட்டுப் பெரியவர்களுக்கு நெருக்கமாக இருக்கும்.

"எனக்கு இன்னொரு அம்மா கிடைச்சாங்க" என்று மட்டும் இப்போது எழுதாதீர்கள். அப்படித் தோன்றாமல் எழுதினால், முதல் மனத்தாங்கல் வரும் நாளில் அந்த வரி இரண்டு பேரையும் குத்தும். தானாகத் தோன்றும் வருஷம் எழுதிக்கொள்ளலாம். "எங்க ஊர்ல இப்படி இல்ல" என்ற ஒப்பீடும் வேண்டாம், நல்ல எண்ணத்தில் சொன்னாலும் அது குறை சொன்னதாகவே கேட்கும்.

போடுவதற்கு முன்னால் படத்தை அத்தையிடம் காட்டுங்கள். அடுப்படியில் வியர்த்து, பழைய சேலையில் இருக்கும் படத்தை ஊரெல்லாம் பார்ப்பது அவருக்குப் பிடிக்காமல் போகலாம். ஸ்டேட்டஸ் என்றால் 24 மணி நேரத்தில் போய்விடும், இன்ஸ்டாகிராமில் போஸ்டாகப் போட்டால் நீங்கள் எடுக்கும்வரை இருக்கும். அதையும் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

அப்புறம் அந்தக் கணுப்பிடி. உங்களை மூன்று நாளாக எழுதவிடாமல் வைத்திருப்பது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மஞ்சள் இலையில் சோற்றுப் பிடிகளை வைத்து அண்ணன் நன்றாக இருக்கணும் என்று வேண்டிக்கொள்ளும் அந்த ஐந்து நிமிடம் இந்த வருஷம் உங்களுக்குக் கிடைக்கவில்லை. அந்த வருத்தத்தைப் படத்துக்குக் கீழே வைக்கமுடியாது, வீட்டுக்குள் வாய்விட்டுத்தான் சொல்லணும். முதலில் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். பிறகு ஒரு சாயங்காலம் அத்தையோடு கிழங்கு உரித்துக்கொண்டிருக்கும்போது, "அத்தை, எங்க வீட்ல மறுநாள் அண்ணனுக்காகக் கணு வைப்போம், அடுத்த வருஷம் மொட்டைமாடியில ஓரமா வச்சுக்கட்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் தயங்கினால் அன்றே வற்புறுத்த வேண்டாம், அடுத்த பொங்கலுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. இன்று அண்ணனுக்கு ஒரு போன் போட்டு, கணு வைக்க முடியவில்லை என்று சொல்லிவிடுங்கள்.