இரவுப் புழுக்கமும் கருக்காய் நெல்லும்

கேள்வி: நான் சிங்கப்பூரில் வேலை செய்கிறேன். மன்னார்குடி பக்கம் எங்கள் வயலைத் தம்பி பார்க்கிறான். பிப்ரவரி 20இல் விதைத்த 110 நாள் கோடை நெல் பச்சையாக, நன்றாகத்தான் நின்றது. அறுத்தால் பாதி கருக்காய், அரைத்தால் குருணை. ராத்திரி வெக்கைதான் காரணம் என்கிறார்கள். அப்படியும் நடக்குமா?

நடக்கும். பயிர் பகலில் வெயிலைக் கொண்டு மாவுச்சத்து தயாரிக்கிறது. இரவில் அந்த வேலை நின்றுவிடும், மூச்சு விடுவது மட்டும் நிற்காது. இரவு வெக்கை ஏற ஏற மூச்சும் வேகமாகும், பகலில் சேர்த்த சத்து அதிலேயே கரையும். நீங்கள் அனுப்பும் பணம் வீட்டுச் செலவுக்கே போய், சேமிப்பு மிஞ்சாத மாதிரிதான். பூக்கும் முன்பே தண்டில் இருக்கும் கையிருப்பு இப்படிக் குறைந்துவிட்டால், பால் பிடிக்கும்போது மணிக்குப் போய்ச்சேர ஒன்றும் இருக்காது. பிலிப்பைன்ஸின் லாஸ் பானோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1979 முதல் 2003 வரையிலான வெப்பக் கணக்கையும், 1992 முதல் 2003 வரையிலான விளைச்சல் கணக்கையும் பார்த்தது. வறண்ட பருவத்தில் இரவு வெப்பம் ஒரு டிகிரி கூடினால் விளைச்சல் சுமார் 10 சதவீதம் குறைந்திருந்தது. பகல் வெப்பத்துக்கு அப்படித் தெளிவான தொடர்பு தெரியவில்லை.

காரணம் இதுதானா என்று உறுதி செய்ய, தம்பியிடம் பத்துக் கதிரை உதிர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். உமியை உரித்தால் உள்ளே ஒன்றுமே இல்லையென்றால் அது பதர். பூவிலேயே கரு பிடிக்கவில்லை. சிறுத்த, சுருங்கிய அரிசி இருந்தால் கரு பிடித்தும் பால் போதவில்லை. வெக்கையில் இந்த இரண்டாவது வகை கதிரின் அடிப்பக்கத்தில்தான் அதிகம், அந்த மணிகள் கடைசியில் பூப்பதால் பங்கும் கடைசியில்தான் வரும். உமியில் ஊசி குத்தியது போலப் பழுப்புப் புள்ளி இருந்தால் நாவாய்ப்பூச்சி. முழுக்கதிரும் வெளுத்து, இழுத்தால் கையோடு வந்தால் தண்டுத்துளைப்பான். அவை வேறு கதை.

குருணைக்கும் இதே காரணம்தான். சத்து அரைகுறையாகச் சேரும்போது மணிக்குள் மாவு இறுகாமல் இடையில் காற்று நிற்கும். ஒரு கைப்பிடி அரிசியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், கண்ணாடி போல் இல்லாமல் வயிற்றில் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரியும். அது மில்லில் உடையும்.

சரி, தேதியைப் பாருங்கள். 110 நாள் ரகம் அறுவடைக்கு ஏறத்தாழ 30 நாள் முன் பூக்கும். உங்கள் பயிர் மே 11 வாக்கில் பூத்திருக்கும், அக்னி நட்சத்திரத்துக்கு நடுவில். அதே ரகத்தை ஜனவரி 5இல் நாற்றுவிட்டால் மார்ச் கடைசியில் பூத்து, ஏப்ரல் கடைசியில் அறுவடை. மே மாதத்தைவிட இரவு குளிர்ந்திருக்கும். சம்பா ஜனவரி மத்தியில் முடிந்தால், அறுவடைக்கு முன்பே வேறு இடத்தில் நாற்றங்கால் போட்டு வைக்கலாம். சம்பா தாமதமானால் இந்த வழி அடைபடும். அப்போது கோடையில் நெல்லை விட்டு உளுந்து போடுவதையே நான் சொல்வேன்.

விதைத்துவிட்ட பயிரில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். பால் பிடிக்கும் நாட்களில் வயலைக் காயவிடாமல், அறுவடைக்குப் பத்து நாள் முன்புதான் தண்ணீரை வடியுங்கள். சீக்கிரம் வடித்தால் வெள்ளை வயிறு இன்னும் கூடும்.