படைப்பு அறிவிப்பில் நாளும் மணியும்: வெளிநாட்டுப் பங்காளிகள் நாள் தவறாமல் இருக்க

கேள்வி: பங்காளிகள் கூடி முன்னோருக்குப் படையலிட்டு வழிபடும் எங்கள் படைப்பு காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில் நடக்கிறது. சிங்கப்பூர், கோலாலம்பூர், லண்டன், நியூஜெர்சி ஆகிய இடங்களில் உள்ளவர்கள் நேரலையில் பார்க்க விரும்புகிறார்கள். “05/03/2027 வெள்ளி இரவு 12.30 மணி (IST)” என்று அறிவிப்பு எழுதியிருக்கிறோம். இதில் யாருக்கும் குழப்பம் வருமா? வராமல் எப்படி எழுதுவது?

பதில்: குழப்பம் வரும். அறிவிப்பை அனுப்புவதற்கு முன்பே கேட்டது நல்லது. உங்கள் வரியில் மூன்று இடங்கள் தவறாகப் படிக்கப்படக் கூடியவை, அவற்றுள் “வெள்ளி இரவு 12.30” என்பதே பெரிய சிக்கல் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

நம் ஊரில் வெள்ளி இரவு பன்னிரண்டரை என்றால், வெள்ளிக்கிழமை சாப்பிட்டு முடித்து, விடிந்தால் சனிக்கிழமை என்ற இரவைத்தான் பெரியவர்கள் நினைப்பார்கள். பஞ்சாங்கக் கணக்கில் நாள் சூரிய உதயத்தில் தொடங்கி அடுத்த உதயம் வரை செல்வதால், அவர்கள் சொல்வது முறையானதே. ஆனால் கைபேசியின் நாட்காட்டியில் நாள் நள்ளிரவில் மாறிவிடும். அந்தக் கணக்கில் மார்ச் 5, 12:30 AM என்பது வியாழன் கழிந்து வெள்ளி பிறந்த அரைமணி நேரம். உங்கள் அறிவிப்பைப் பார்த்து, சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த ஒரு பிள்ளை தன் கைபேசியில் மார்ச் 5, 12:30 AM, இந்திய நேரம் என்று குறித்து வைத்தால், அவர் சரியாக ஒரு நாள் முன்னதாகவே, தம் ஊரில் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்திருப்பார். இந்த இருவரில் எவரும் பிழை செய்யவில்லை. நாள் எங்கே தொடங்குகிறது என்பதை அறிவிப்பு சொல்லாமல் விட்டதுதான் குறை.

இதோடு பன்னிரண்டு என்ற எண்ணுக்கே உரிய இன்னொரு இடறலும் உண்டு. பதினொன்று AM கழிந்து பன்னிரண்டு வரும்போது அது PM ஆகிறது. பதினொன்று PM கழிந்து பன்னிரண்டு வந்தால் அது AM ஆகிறது. இரவு என்பதால் PM என்றுதான் இருக்க வேண்டும் என்று கருதி, 12.30 PM என்று தட்டச்சு செய்துவிடுபவர்கள் பலர். அப்படி எழுதினால் அது நண்பகல் கழிந்த பன்னிரண்டரை ஆகிவிடும். ஆகவே பன்னிரண்டு முதல் ஒரு மணிக்குள் நடக்கும் எதற்கும் AM, PM இரண்டையும் அறவே தவிர்த்து, நண்பகல் அல்லது நள்ளிரவு என்ற சொல்லையும் இருபத்துநான்கு மணிக் கணக்கையும் சேர்த்து எழுதுவதே பாதுகாப்பு. நண்பகல் கழிந்த பன்னிரண்டரை 12:30. நள்ளிரவு கழிந்த பன்னிரண்டரை 00:30. இருபத்துநான்கு மணிக் கணக்கை மட்டும் எழுதினால் வீட்டுப் பெரியவர்களுக்குப் பழக்கம் இராது என்பதால் இரண்டும் வேண்டும் என்கிறேன்.

அடுத்தது 05/03. நாம் நாளை முதலிலும் மாதத்தைப் பின்னும் எழுதுகிறோம். அமெரிக்காவில் மாதம் முதலில் வரும். நியூஜெர்சியில் படிப்பவர் இதை மே 3 என்று எடுத்துக்கொள்ளலாம். நாள் 12-க்கு மேல் இருந்தால் பிழை தானாகவே தெரிந்துவிடும், ஏனெனில் 25-ஆம் மாதம் என்று ஒன்று இல்லை. ஒன்று முதல் பன்னிரண்டு வரையிலான நாட்கள்தான் சத்தமில்லாமல் தடம் மாறுகின்றன. மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதிவிட்டால் இந்தச் சிக்கல் தீர்ந்தது. கிழமையையும் விடாமல் எழுதுங்கள், அது ஒரு காவல்: 2027 மார்ச் 5 வெள்ளிக்கிழமை, மே 3 திங்கட்கிழமை. கவனமாகப் படிப்பவர் கிழமை பொருந்தாததைக் கண்டு உங்களிடம் கேட்பார்.

IST என்ற மூன்றெழுத்து இந்திய நேரத்துக்கு மட்டும் உரியதன்று. அயர்லாந்தும் இஸ்ரேலும் தங்கள் நேரத்துக்கு அதே எழுத்துகளைப் பயன்படுத்துகின்றன. “இந்திய நேரம் (UTC+5:30)” என்று, அதாவது UTC என்னும் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னே என்று எழுதினால் ஐயமில்லை.

இனி உங்கள் படைப்பையே எடுத்துக்கொள்வோம். வெள்ளி கழிந்த இரவு என்பதே உங்கள் கருத்து என்று கொண்டால், அறிவிப்பின் முதன்மை வரி இப்படி இருக்கலாம்:

“2027 மார்ச் 5 வெள்ளிக்கிழமை இரவு, விடிந்தால் மார்ச் 6 சனிக்கிழமை, நள்ளிரவு கழிந்து 12.30 மணி (மார்ச் 6, 00:30), இந்திய நேரம் UTC+5:30.”

தமிழ்த் தேதியும் போட விரும்பினால், பஞ்சாங்கப்படி அது வெள்ளிக்கிழமையின் தேதியாகவே இருக்கும் என்பதால், “வெள்ளிக்கிழமை இரவு” என்ற சொல்லுக்கு அருகில் அதை வையுங்கள். 00:30-க்கு அருகில் வைத்தால் மறுபடியும் குழப்பம்.

அதன் கீழே, உங்கள் பங்காளிகள் இருக்கும் ஊர்களுக்கு மட்டும் அந்தந்த ஊர் நேரத்தைக் கிழமையுடன் கொடுங்கள். சிங்கப்பூரும் கோலாலம்பூரும் நம்மைவிட இரண்டரை மணி முன்னே இருப்பதால் அங்கே மார்ச் 6 சனிக்கிழமை அதிகாலை 3.00 மணி. லண்டனில் மார்ச் 5 வெள்ளிக்கிழமை மாலை 7.00 மணி. நியூஜெர்சியில் அதே வெள்ளிக்கிழமை பிற்பகல் 2.00 மணி. கிழக்கே சனி, மேற்கே வெள்ளி என்று நாளே பிரிவதால், கிழமை இல்லாமல் மணியை மட்டும் கொடுப்பது வீண்.

லண்டன், நியூஜெர்சி மணிகளைச் சென்ற தடவை அறிவிப்பிலிருந்து பார்த்து எழுதக் கூடாது. அங்கே கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைக்கிறார்கள். ஆனால் இரண்டு நாடுகளும் ஒரே நாளில் அதைச் செய்வதில்லை. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு, அதாவது 2027-இல் மார்ச் 14. பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறு, மார்ச் 28. ஏதோ காரணத்தால் உங்கள் படைப்பு இரண்டு வாரம் தள்ளிப்போய் மார்ச் 19 வெள்ளி இரவுக்கு மாறினால், நம் மணி மாறாவிட்டாலும் நியூஜெர்சியில் பிற்பகல் 3.00 ஆகிவிடும், லண்டனில் மாலை 7.00 அப்படியே இருக்கும். சிங்கப்பூர், மலேசியாவில் இந்த வழக்கம் இல்லை.

கணக்கைச் சரிபார்க்க, கைபேசி நாட்காட்டியில் நிகழ்ச்சியை இந்திய நேரத்தைக் குறிக்கும் கொல்கத்தா நேர மண்டலத்தில் மார்ச் 6, 00:30 என்று பதிந்து, வெளியூர் உறவினர் ஒருவருக்கு அழைப்பாக அனுப்புங்கள். அவர் கைபேசி தானே அவ்வூர் நேரத்துக்கு மாற்றிக் காட்டும். அவர் கண்ட கிழமையையும் மணியையும் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். “சரியாக இருக்கிறதா?” என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். நேரலை ஏற்பாடு செய்பவருக்கு எழுத்தில் கொடுப்பதானால் இந்த வடிவம் போதும்:

```
2027-03-06T00:30+05:30
```

பழைய வரி ஏற்கனவே யாருக்காவது போயிருந்தால், “நேரத்தில் சிறு திருத்தம்” என்று மட்டும் அனுப்பாதீர்கள். பழைய அறிவிப்பைக் கைவிடும்படி முதல் வரியில் சொல்லி, புதிய அறிவிப்பை முழுவதுமாக அனுப்புங்கள். முன்பே நாட்காட்டியில் குறித்தவர்கள் அந்தக் குறிப்பை அழித்துவிட்டுப் புதிதாகப் பதியும்படியும் அதில் கேளுங்கள்.