ஆறு வருடக் கப் சார்ட்டை நம்பி ஷெட் பணத்தைப் போடலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. வயது 31. ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கிறேன். பிட்காயின் அல்லாத ஒரு கிரிப்டோ காயினின், அதாவது ஆல்ட்காயினின், மாதச் சார்ட்டில் விலை இறங்கி வளைந்து மறுபடி ஏறி, ஆறு வருடமாக அழகான கப் தெரிகிறது, இப்போது கைப்பிடி போலச் சின்னதாக இறங்கி ஹேண்டில் போட்டுக்கொண்டிருக்கிறது. கப் அண்ட் ஹேண்டில், ரவுண்டிங் பாட்டம் எல்லாம் 100-க்கு 5 தடவைதான் தோற்கும் என்று படித்தேன். புது ஷெட் போட வைத்திருக்கும் ₹4 லட்சத்தை இதில் போடலாமா?

பதில்: ஷெட் பணத்தைப் போட வேண்டாம், தம்பி. ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

நீங்கள் படித்த அந்த 5 சதவீதம் பொய் இல்லை. அமெரிக்கப் பங்குகளின் சார்ட் வடிவங்களைப் பல வருடம் எண்ணித் தொகுத்த தாமஸ் புல்கோவ்ஸ்கியின் கணக்கு அது. ஆனால் அவர் எதைத் தோல்வி என்கிறார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். விலை கப்பின் விளிம்புக்கு, அதாவது இறங்கத் தொடங்கிய பழைய உச்சத்துக்கு, மேலே மூடிய பிறகு, 5 சதவீதம்கூட ஏறாமல் திரும்பிவிட்டால்தான் அது தோல்வி. 6 சதவீதம் ஏறிவிட்டு அப்புறம் தலைகீழாக விழுந்தாலும் இந்தக் கணக்கில் அது தோல்வி ஆகாது. விளிம்பையே எட்டாமல் பாதியில் நின்றுபோன கப்புகள் கணக்கிலேயே வராது. அதோடு இது ஏறுமுகச் சந்தையில், அமெரிக்கப் பங்குகளில் எடுத்த எண். அதே கணக்கில் இலக்கு விலையான டார்கெட்டை எட்டிய கப் அண்ட் ஹேண்டில்கள் சுமார் 60 சதவீதம்தான். நம் ஊர் பழைய வட்டிக்கடையில் முதல் தவணை கட்டியவர்களை எல்லாம் வசூலானவர்கள் பக்கம் எழுதியிருந்தால், முதல் எங்கே போனது என்று பேரேட்டில் தெரிந்திருக்காது. இதுவும் அப்படித்தான்.

ஆல்ட்காயினில் இது எப்படி நடக்கும் என்பதற்கு லைட்காயினை விட நல்ல பாடம் இல்லை. 2017 டிசம்பரில் அதன் உச்சம் சுமார் 375 டாலர். ஒரே வருடத்தில், 2018 டிசம்பரில், 23 டாலர் அருகே வந்துவிட்டது. பிறகு இரண்டு வருடத்துக்கும் மேல் கீழேயே கிடந்து, மெல்ல எழுந்து, 2021 மே மாதத் தொடக்கத்தில் பழைய உச்சத்தைத் தொட்டது. மாதச் சார்ட்டில் பார்த்தால் மூன்றரை வருடத்து ரவுண்டிங் பாட்டம், யாரும் வரைந்து காட்டக்கூடிய வடிவம். மே 10 அன்று விலை 410 டாலரை ஒட்டிப் போனது. விளிம்பைத் தாண்டும் பிரேக்அவுட் வந்துவிட்டது என்று 375-ல் வாங்கியவருக்குக் காகிதத்தில் 9 சதவீத லாபம். அதோடு சரி. மே 19 அன்று பிட்காயின் சரிந்தபோது லைட்காயினும் சேர்ந்து விழுந்தது. மாத முடிவில் 200 டாலருக்குக் கீழே, ஜூலையில் 105 அருகே, 2022 ஜூனில் 40 டாலர் அளவில்.

இப்போது புல்கோவ்ஸ்கியின் அளவுகோலை இதன் மேல் வைத்துப் பாருங்கள். விளிம்பைத் தாண்டி 9 சதவீதம் ஏறியதால் இது தோற்ற வடிவம் இல்லை. வாங்கி வைத்திருந்தவரின் பணமோ பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. நீங்கள் கேட்க வேண்டிய தோல்வி விகிதம் இந்த இரண்டாவது வகை: நான் வாங்கிய விலைக்கு மேல், விற்று வெளியே வரும் அளவுக்கு விலை நின்றதா?

அடுத்தது கப்பின் ஆழம். இந்த வடிவத்தைப் பிரபலமாக்கிய வில்லியம் ஓ'நீல் சொன்ன கப் வேறு. ஏற்கெனவே நன்றாக ஏறிவந்த பங்கு 12 முதல் 33 சதவீதம் வரை இறங்கி, சில வாரங்களிலிருந்து ஒரு வருடத்துக்குச் சற்று மேல் வரை தளர்ந்து, மறுபடி பழைய விலைக்கு வருவதுதான் அவருடைய கப். மோசமான சந்தையில் 50 சதவீதம் வரை இறக்கத்தை அவர் ஏற்றார். லைட்காயின் இறங்கியது 94 சதவீதம். அதை இளைப்பாறல் என்று சொல்ல முடியாது. ஒரு குமிழி உடைந்த மிச்சம் அது. 90 சதவீதத்துக்கு மேல் விழுந்த எந்தப் பொருளும் சில வருடம் கீழே கிடந்து அப்புறம் பொதுச் சந்தையோடு சேர்ந்து எழுந்தால், சாதாரண சார்ட்டில் வளைவாகத்தான் தெரியும். அந்த வளைவுக்குள் யாரும் பொறுமையாகச் சேர்த்து வாங்கினார்கள் என்பதற்கு அது ஆதாரம் ஆகாது.

டார்கெட்டும் இதனால்தான் குழம்புகிறது. கப்பின் ஆழத்தை விளிம்புக்கு மேல் கூட்டினால் லைட்காயினுக்கு டார்கெட் 727 டாலர். அதே சார்ட்டைச் சம சதவீத ஏற்றங்களைச் சம உயரமாகக் காட்டும் லாக் ஸ்கேலில் வைத்து அளந்தால் 6,000 டாலரைத் தாண்டும். ஒரே வடிவம் எட்டு மடங்கு வித்தியாசத்தில் இரண்டு டார்கெட் தருகிறது என்றால், அதை நம்பி எவ்வளவு பணம் போடுவது என்று எந்தக் கணக்கும் போட முடியாது. உங்களுக்குக் காட்டப்பட்ட டார்கெட் எந்த ஸ்கேலில் வந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

சரி, உண்மையான தோல்வி விகிதம் எவ்வளவு? 2018 ஜனவரியில் எல்லோரும் பேசிய பெரிய ஆல்ட்காயின்களில் 13-ஐ எடுத்துக்கொண்டேன்: எதீரியம், எக்ஸ்ஆர்பி, பிட்காயின் கேஷ், கார்டனோ, லைட்காயின், நெம், ஸ்டெல்லார், அயோட்டா, டேஷ், நியோ, மொனேரோ, ஈஓஎஸ், ட்ரான். இது ஆய்வு இல்லை, கைக்கணக்குதான். இவை எல்லாவற்றுக்கும் 2018-ல் இடது பக்கச் சரிவு, பிறகு நீண்ட அடித்தளம், 2021-ல் வலது பக்க ஏற்றம் இருந்தன. அந்தச் சுற்றில் விளிம்பைத் தாண்டி நன்றாக ஓடியவை இரண்டு: எதீரியமும் கார்டனோவும். விளிம்பை ஒட்டி வந்து, அங்கே நிலைக்காமல் திரும்பியவை இரண்டு: லைட்காயினும் மொனேரோவும். மீதி ஒன்பதும் விளிம்பை எட்டவே இல்லை. எக்ஸ்ஆர்பி பழைய உச்சத்தில் பாதியளவு வந்து நின்றது, டேஷ் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. ட்ரான் 2024 டிசம்பரிலும் எக்ஸ்ஆர்பி 2025-லும் பழைய உச்சத்துக்குத் திரும்பி வந்தன என்பது உண்மை, ஆனால் அதற்கு ஏழு வருடம் ஆனது.

ஆக, கப் முழுதாகும் முன்பே வாங்கினால், இந்தக் கணக்கில் 13-க்கு 11 தோல்வி. பிரேக்அவுட் வந்த பிறகு வாங்கினால் நான்குக்கு இரண்டு. எண்ணிக்கை சின்னது, அதை விகிதமாக நம்ப முடியாது. பிரேக்அவுட்டுக்குப் பிறகும் பத்தில் ஆறேழு டார்கெட்டை எட்டாது என்று வைத்துத்தான் நான் திட்டம் போடச் சொல்வேன். அது என் கணிப்பு, வேண்டுமென்றே கடுமையாக வைத்தது. வென்ற எதீரியத்தையும் பாருங்கள்: சுமார் 1,430 டாலர் விளிம்பைத் தாண்டி 2021 நவம்பரில் 4,800-ஐத் தாண்டியது, 2022 ஜூனில் 1,000-க்குக் கீழே வந்தது. எப்போது விற்பது என்று முன்பே முடிவு செய்யாதவருக்கு வென்ற வடிவமும் தோற்றுத்தான் முடிந்தது.

உங்கள் காயினுக்கு நீங்களே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. டாலர் சார்ட்டை மூடிவிட்டு, அந்தக் காயினை பிட்காயின் விலையில் பாருங்கள். சார்ட் தளத்தின் தேடலில் லைட்காயினுக்கு `LTCBTC` என்று தட்டினால் வரும். 2017 டிசம்பரில் ஒரு லைட்காயின் கிட்டத்தட்ட 0.02 பிட்காயின் பெற்றது. 2021 மே 10 அன்று, டாலரில் புது உச்சம் தொட்ட அதே நாளில், 0.0075 கூட இல்லை. அந்தச் சார்ட்டில் முழுதான கப்பே கிடையாது, மொத்தத்தில் இறங்குமுகம்தான். டாலர் சார்ட்டில் தெரிந்த வலது பக்கத்தை பிட்காயின்தான் தூக்கிவிட்டது. பிட்காயின் கையை விட்டதும் விழுந்துவிட்டது. உங்கள் காயினின் பிட்காயின் ஜோடியிலும் அடித்தளம் தெரியவில்லை என்றால், அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

வால்யூம், அதாவது வர்த்தக அளவு, பற்றி சுருக்கமாக. ஹேண்டிலில் வால்யூம் வற்ற வேண்டும், பிரேக்அவுட்டில் பெருக வேண்டும் என்பது பங்குச் சந்தை விதி. கிரிப்டோவில் எக்ஸ்சேஞ்சுகள் காட்டும் வால்யூமையே நம்ப முடியாத காலம் இருந்தது. 2019-ல் பிட்வைஸ் நிறுவனம் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்திடம் கொடுத்த அறிக்கையில், அறிவிக்கப்பட்ட பிட்காயின் வர்த்தகத்தில் சுமார் 95 சதவீதம் போலி என்றது. பிட்காயினுக்கே அப்படி என்றால், உங்கள் சார்ட்டின் பழைய வருடங்களில் இருக்கும் வால்யூம் கட்டங்களை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

இன்னொன்று நம் நாட்டு வரி. இதைத்தான் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, செஸ் சேர்த்து 31.2. ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொரு காயின் லாபத்தில் கழிக்க முடியாது, அடுத்த வருடத்துக்கும் எடுத்துப்போக முடியாது. பத்து வடிவங்களில் தலா ₹10,000 போடுகிறீர்கள் என்று வையுங்கள். ஏழு தோற்று 20 சதவீத நஷ்டத்தில் வெளியே வருகிறீர்கள்: ₹14,000 போச்சு. மூன்று வென்று 60 சதவீத லாபம் தருகின்றன: ₹18,000 வரவு. கையில் ₹4,000 மிச்சம் போலத் தெரியும். வரி ₹18,000-க்கும் உண்டு, அதாவது ₹5,616. முடிவில் ₹1,616 நஷ்டம். அதே வெற்றி விகிதம், அதே ஒழுங்கு, ஆனால் வரி விதி லாபத்தை நஷ்டமாக்கிவிடுகிறது. நஷ்டத்தைக் கழிக்க வழியுள்ள நாட்டில் ஒருவர் இந்த வடிவத்தில் சம்பாதித்ததாகச் சொன்னால், அது அப்படியே உங்களுக்குப் பொருந்தாது.

இவ்வளவுக்குப் பிறகும் முயல வேண்டும் என்றால், பட்டறை வருமானத்தில் செலவு போக நிற்கும் பணத்தில் மட்டும் செய்யுங்கள். முதலில் எவ்வளவு போனால் தாங்கும் என்று எழுதுங்கள். ₹5,000 என்று வையுங்கள். விளிம்புக்கு 25 சதவீதம் கீழே வந்தால் விற்றுவிடுவது என்று முடிவு செய்தால், விளிம்பை ஒட்டி ₹20,000-க்குத்தான் வாங்கலாம். விளிம்புக்கு மேலே போய் வாங்கினால் அந்த விலையிலிருந்து விற்கும் விலை வரை உள்ள தூரம் கூடும், அதனால் வாங்கும் தொகையைக் குறைக்க வேண்டும். ஹேண்டிலில் வாங்காதீர்கள், மாதம் விளிம்புக்கு மேலே மூடும் வரை காத்திருங்கள். லைட்காயினில் இந்த ஒரு விதி உங்களை உள்ளே விட்டிருக்காது. எதீரியத்தில் 2021 மார்ச் முடிவில் 1,900 டாலர் கொடுத்து உள்ளே போயிருப்பீர்கள், மூன்றில் ஒரு பங்கு கூடுதல் விலை, ஆனாலும் மேலே இடம் இருந்தது. 50 சதவீதம் ஏறியதும் ஒரு பகுதியை விற்று லாபத்தை எடுத்துவிடுங்கள், இறங்கினால் மீதியை விற்று வெளியேறும் விலையை விளிம்புக்கு உயர்த்துங்கள்.

ஷெட்டுக்கான ₹4 லட்சம் எப்போது தேவைப்படும் என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு வருடத்துக்குள் என்றால் வங்கி டெபாசிட்டில் இருக்கட்டும். காயினின் பெயரையும் அதன் பிட்காயின் ஜோடி மாதச் சார்ட்டையும் அனுப்புங்கள், கப் இருக்கிறதா என்று பார்த்து எழுதுகிறேன்.