எக்ஸ்ட்ரூடர் ‘டக், டக்’ என்கிறதா? முப்பரிமாண அச்சு கேள்வி-பதில்

எக்ஸ்ட்ரூடரிலிருந்து ‘டக், டக்’ என்று சத்தம் வருகிறது. சுவர்களில் இடைவெளி விழுகிறது. மோட்டார் போய்விட்டதா?

மோட்டாரை மாற்றிவிடாதீர்கள். அது இழையைத் தள்ளப் பார்க்கிறது, இழை நகர மறுக்கிறது. அழுத்தம் தாங்காமல் மோட்டார் பின்னோக்கித் துள்ளும் ஒலிதான் அது. முதல் அடுக்கில் மட்டும் கேட்டால் நாசில் தட்டோடு ஒட்டி நிற்கிறது என்று பொருள். சற்று உயர்த்தினால் நின்றுவிடும்.

எல்லா அடுக்கிலும் கேட்டால், நாசிலை நன்றாக மேலே தூக்கி, பிஎல்ஏ இழையை 210 டிகிரிக்குச் சூடாக்குங்கள். எக்ஸ்ட்ரூடரின் நுழைவாயிலிலிருந்து 70 மி.மீ. தள்ளி இழையில் பேனாவால் ஒரு கோடு போட்டு, 50 மி.மீ. இழையைத் தள்ளும் இந்தக் கட்டளைகளை இயந்திரத்துக்கு அனுப்புங்கள்:

```
M83
G1 E50 F60
```

கோடு நுழைவாயிலுக்கு 20 மி.மீ. முன்பாக நிற்க வேண்டும். F60 என்பது வினாடிக்கு 1 மி.மீ. மட்டுமே, மிக நிதானமான வேகம். அந்த வேகத்திலேயே ‘டக்’ கேட்டு இழை குறைவாகப் போனால் நாசிலில் பாதி அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். F60-இல் ஒழுங்காகப் போய், F300-இல் மட்டும் தடுமாறினால் நாசிலைச் சந்தேகிக்காதீர்கள். உருகும் வேகத்தைவிட நீங்கள் தள்ளும் வேகம் அதிகம். அச்சு வேகத்தைக் குறைத்தால் போதும்.

வெளியே வரும் இழையையும் கவனியுங்கள். நேராகத் தொங்காமல் ஒரு பக்கமாகச் சுருண்டு நாசிலிலேயே ஒட்டிக்கொண்டால், துளையின் ஓரத்தில் ஏதோ சிக்கியிருக்கிறது.

அடைப்பை எடுக்க, உள்ளே இழையைக் குளிரவைத்து வெளியே இழுக்கும் கோல்ட் புல் செய்து பார்த்தேன். இழை நூலாக நீண்டு அறுந்துவிட்டது. எங்கே தவறு?

சூடு அதிகமாக இருக்கும்போதே இழுத்திருக்கிறீர்கள். பிஎல்ஏ இழைக்கு நான் செய்யும் முறை இது. 210 டிகிரியில் எக்ஸ்ட்ரூடரின் பிடியைத் தளர்த்தி, கையால் இழையை அழுத்தி, நாசிலிலிருந்து கொஞ்சம் வெளியே வரவிடுங்கள். பிறகு சூட்டை அணைத்துவிட்டு, 50 டிகிரிக்கு வரும்வரை இலேசான அழுத்தத்தை விடாமல் வையுங்கள். பலர் தவறவிடுவது இந்த அழுத்தத்தைத்தான். குளிரும்போது பிளாஸ்டிக் சுருங்கும்; மேலிருந்து தள்ளிக்கொண்டே இருந்தால்தான் அது நாசிலின் மூலை முடுக்கெல்லாம் நிறைந்து அழுக்கைக் கவ்வும்.

இனி 90 டிகிரிக்குச் சூடாக்கி, ஒரே சீராக, பலமாக மேலே இழுங்கள். நூலாக நீண்டால் அடுத்த முறை 5 டிகிரி குறையுங்கள். அசையவே இல்லை என்றால் 5 டிகிரி கூட்டுங்கள். சாயத்தைப் பொறுத்து ஒவ்வொரு சுருளுக்கும் இந்த எண் சற்று மாறும். எக்ஸ்ட்ரூடரிலிருந்து இழையை உருக்கும் பகுதியான ஹாட்எண்டுக்கு அதைக் கொண்டுசெல்லும் போடன் குழாய் உள்ள இயந்திரமானால், குழாயை ஹாட்எண்டிலிருந்து கழற்றிவிட்டு இழையை நேரடியாக நுழைத்துச் செய்வது நல்லது.

எத்தனை முறை இழுக்க வேண்டும்?

வெளிவந்த முனை சொல்லும். நல்ல முனை நாசிலின் உட்புறத்தை அப்படியே அச்செடுத்தது போல இருக்கும்: உருளை, கூம்பு, நுனியில் துளையின் அளவே உள்ள ஒரு சிறு முளை. அந்த முளை இல்லாவிட்டால் அடைப்பு அங்கேயே நிற்கிறது.

பிஇடிஜி அச்சிட்டுவிட்டு பிஎல்ஏ மாற்றிய ஓர் இயந்திரத்தில் எனக்கு இதே சத்தம் வந்தது. வெள்ளை இழையால் இழுத்தேன். முதல் இரண்டு முறையும் கூம்பு மழுங்கியே வந்தது. பிஎல்ஏ உருகும் சூட்டில் பழைய பிஇடிஜி சரியாக இளகவில்லை என்று புரிந்தது. 240 டிகிரிக்கு ஏற்றி, வெள்ளை இழையைச் சிறிது தள்ளிய பிறகு மறுபடி குளிரவைத்து இழுத்தபோது, கூம்பின் பக்கத்தில் கடுகைவிடச் சிறிய ஒரு பழுப்புத் துகள் பதிந்து வந்தது. அடுத்த முனை முளையோடு சுத்தமாக வந்தது. F60 சோதனையில் கோடும் சரியாக 20 மி.மீ.-இல் நின்றது. வெள்ளை அல்லது வெளிர் நிற இழையை வைத்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான். கறுப்பில் அந்தத் துகளைப் பார்த்திருக்கவே மாட்டேன்.

சுத்தம் செய்தாலும் சில நாள்களில் அடைப்பு திரும்பி வருகிறது. இழுத்தெடுத்த இழையின் முனையில் வளையம் போல ஒரு தடிப்பும் இருக்கிறது.

அந்த வளையம்தான் விடை. டெஃப்லான் குழாய் நாசிலின் பின்பக்கம் வரை செல்லும் ஹாட்எண்டில், இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்து, உருகிய பிளாஸ்டிக் அதில் தேங்கியிருக்கிறது. கோல்ட் புல் அதைத் தற்காலிகமாக எடுத்துத் தரும், இடைவெளியை மூடாது. குழாயின் நுனியைச் செங்குத்தாக வெட்டுங்கள். சூடான நிலையில் நாசிலைக் கால் சுற்று தளர்த்தி, குழாயை அது முட்டும்வரை அழுத்திப் பூட்டி, பிறகு நாசிலை முறுக்குங்கள். முறுக்கும்போது நாசில் குழாயை நெருக்கி, இடைவெளியை அடைத்துவிடும்.

கோல்ட் புல் செய்ய நைலான் இழைதான் வேண்டுமா?

கட்டாயமில்லை. நைலான் உறுதியானது, அறுந்துபோகாமல் வரும். ஆனால் அதை உருக்க 240 டிகிரிக்கு மேல் தேவைப்படலாம். உள்ளே டெஃப்லான் குழாய் இருந்தால் அந்தச் சூட்டில் குழாய் கெடத் தொடங்கும், புகையும் நல்லதல்ல. அத்தகைய ஹாட்எண்டில் பிஎல்ஏ இழையோடு நின்றுகொள்ளுங்கள்.