செவ்வாய் எந்த வீட்டில் இருக்கிறது?

ஐயா, வணக்கம். எங்கள் ஊர் சுங்கை சிப்புட். சென்ற ஞாயிறு கோயில் மண்டபத்தில் பணி ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் ஜோதிடம் பற்றிப் பேசினார். ஜோதிட மரபு வேறு, அதைச் சொல்லிப் பயமுறுத்துவது வேறு என்றார். செவ்வாய் தோஷம் பத்தில் எட்டுப் பேருக்கு வரும் என்றும் சொன்னார். என் மகள் 28.4.1991 காலை 7.45க்கு இங்கேயே பிறந்தவள். தமிழ்நாட்டில் எழுதி வாங்கிய ஜாதகத்தில் ரிஷப லக்னம், 2ல் செவ்வாய், கடும் தோஷம், புருஷனுக்கு ஆகாது என்று இருக்கிறது. வாழை மரத்துக்குத் தாலி கட்ட 2,000 வெள்ளி கேட்கிறார்கள். வாத்தியார் சொன்னது சரியா?
– ஒரு தாய்

அன்புள்ள அம்மா,

வாத்தியாரின் கணக்கு சரி. லக்னத்துக்கு 2, 4, 7, 8, 12 ஆகிய வீடுகளில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்பது நம் வழக்கம். பன்னிரண்டில் ஐந்து வீடு. அதாவது நூற்றில் 42 பேர். சிலர் சந்திரனுக்கும் சுக்கிரனுக்கும் தனித்தனியாக எண்ணுவார்கள். மூன்றிலும் தப்ப வேண்டுமானால் 1,728 அமைப்புகளில் 343தான் தேறும். மீதி ஏறத்தாழ 80 விழுக்காடு. இத்தனை பேருக்கும் ‘புருஷனுக்கு ஆகாது’ என்றால் ஊரில் பாதி வீட்டில் ஆண்களே மிஞ்சியிருக்க மாட்டார்கள். இப்படிப் பரவலாக வருகிறது என்பதால்தான் மரபு பல விதிவிலக்குகளையும் சேர்த்தே வைத்திருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் உங்கள் மகளின் லக்னத்தைப் பார்ப்போம். சூரியன் உதிக்கும் நேரத்தில் அது நிற்கும் ராசிதான் லக்னம். பிறகு ஒரு ராசி உதித்து முடிய சுமார் இரண்டு மணி நேரம். 1991 ஏப்ரல் 28 அன்று சூரியன் மேஷத்தில் ஏறத்தாழ 14ஆம் பாகையில். உங்கள் ஊரில் அன்று சூரிய உதயம் 7.05 வாக்கில். குழந்தை பிறந்தது 7.45, உதயத்துக்குப் பின் 40 நிமிடம், அதாவது 1 நாழிகை 40 விநாழிகை. அதற்குள் பத்துப் பாகைதான் நகரும். எனவே லக்னம் மேஷமே, 24ஆம் பாகை வாக்கில்.

ரிஷபம் எப்படி வந்தது? உதயத்தைக் காலை 6 மணி என்று வைத்துக் கணக்கிட்டால் வரும். அப்போது 40 நிமிடம் 1 மணி 45 நிமிடமாகி, 4 நாழிகைக்கு மேல் போய்விடுகிறது. லக்னம் ரிஷபத்துக்குள் நுழைந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் 6 மணி உதயம் பெரிய பிழையில்லை. நமக்கோ, 1982 ஜனவரி 1ல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி முன்னே நகர்த்தப்பட்டதிலிருந்து, ஏழு மணிக்குத்தான் வெளுக்கிறது. நீங்களோ உங்கள் கணவரோ அதற்கு முன் பிறந்தவர் என்றால், அப்போதைய கடிகாரத்துக்கு இந்த உதயம் 6.35தான். அதையும் எழுதுபவரிடம் சொல்ல வேண்டும்.

அன்று செவ்வாய் மிதுனத்தில். மேஷத்திலிருந்து எண்ணுங்கள்: மேஷம், ரிஷபம், மிதுனம். மூன்றாம் வீடு, தோஷப் பட்டியலில் அந்த வீடே இல்லை. அன்று துலாத்தில் இருந்த சந்திரனுக்கு மிதுனம் ஒன்பது, அதிலும் இல்லை. சுக்கிரன் ரிஷபத்தில், அதற்கு மட்டும் இரண்டாம் வீடு.

இங்கேதான் விதிவிலக்கு. இரண்டாமிடம் மிதுனமோ கன்னியோ ஆனால் அங்கிருக்கும் செவ்வாய்க்குத் தோஷம் இல்லை என்பது பழைய விதி. சிம்மம், கும்பம் எந்த வீடாக அமைந்தாலும் அங்கும் இல்லை. ஆகவே உங்களுக்கு வந்த தப்பான ஜாதகத்தையே ஒப்புக்கொண்டாலும், ரிஷபத்துக்கு இரண்டு மிதுனம் என்பதால் தோஷம் அங்கேயே கழிந்துபோகிறது. எழுதியவர் தோஷ வீட்டைப் பார்த்தார்; விதியின் மறுபாதியைப் பார்க்கவில்லை. பாதி விதியைச் சொல்லி ஒரு தாயைத் தூங்கவிடாமல் செய்வதைத்தான் வாத்தியார் ‘பயமுறுத்துவது’ என்றிருக்கிறார்.

கிரகம் எந்த ராசியில் என்பது வானியல் கணக்கு, யாரும் சரிபார்க்கலாம். அதற்கு இன்ன பலன் என்பது நம்பிக்கை. ஆனால் ஒருவரின் உயிரை இன்னொருவரின் ஜாதகம் பறிக்கும் என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. கணவனை இழந்த பெண்கள்மேல் பழி போட இந்தப் பேச்சு எவ்வளவு உதவியது என்பது தோட்டத்து லயன்களில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். வாழை மரத்துக்குத் தாலி கட்ட வேண்டாம்.

பிறப்புப் பத்திரத்திலுள்ள நேரத்தை எடுத்துக்கொண்டு, 4°49' வடக்கு, 101°04' கிழக்கு, UTC+8 என்று கொடுத்து ஜாதகத்தை மறுபடி போடச் சொல்லுங்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசும்போது பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து, உதய நேரம் எழுதியிருக்கும் வரியைக் காட்டுங்கள். பழையதில் அந்த வரியே இல்லையென்றால் எழுதியவரைக் கூப்பிட்டு, எந்த ஊர் உதயம் என்று கேளுங்கள்.